கொரகொரன்னா என்னங்க அர்த்தம்?

காபிக் கொட்டையைக் கொரகொரன்னு அரைச்சுக் குடுங்கண்ணேன்னு கடைக்காரர்கிட்ட மூணு தடவை சொன்னேன். மூணு தடவை! கோல்ட் ப்ரூ போடணும், ராத்திரி பூரா பச்சைத் தண்ணியில ஊறப்போகுது, கோதுமை ரவை மாதிரி இருக்கணும், சிக்கரி வேண்டவே வேண்டாம்னேன். "அப்படி அரைச்சா டிகாக்‌ஷன் இறங்காதும்மா"ன்னு எனக்குப் பாடம் எடுத்துட்டு, மெஷினைத் திருப்பி மைதா மாதிரி அரைச்சுக் குடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்துதான் பொட்டலத்தைப் பிரிச்சேன். என் தப்புதான், ஒத்துக்கறேன்.

சரி போகட்டும்னு 100 கிராம் தூளை அரை லிட்டர் தண்ணியில கலக்கி, ராத்திரி 9 மணிக்கு மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். காலையில 11 மணிக்கு எடுத்தா, பாட்டில் அடியில குளத்துச் சேறு.

இட்லித் துணியை நாலா மடிச்சுப் போட்டு ஊத்தினேன். முதல் ரெண்டு நிமிஷம் நல்லா இறங்குச்சு. அப்புறம் ஒரு சொட்டு. நான் போய்க் குளிச்சுட்டு வந்தேன். இன்னொரு சொட்டு. மாவுத் தூள் துணிக்கண்ணை எல்லாம் அடைச்சுடுச்சு! ரவைத் தூளா இருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். தூள் தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணியைக் குடிச்சுக்கும், அதனால எனக்கு வர வேண்டியதே 300 மில்லிதான். அதுக்கு ஒண்ணேமுக்கால் மணி நேரம் காவல்.

பொறுமை போய்த் துணியைப் பிழிஞ்சேன். பிழியவே கூடாது, தெரியும். பிழிஞ்சா வண்டலும் சேர்ந்து இறங்கிடும். தெரிஞ்சேதான் பிழிஞ்சேன். டம்ளர் அடியில ஒரு விரக்கடை மண்டி, நாக்குல நறநற, தொண்டையில கஷாயக் கசப்பு. பொடித் தூளை 14 மணி நேரம் ஊறப்போட்டா வேற என்ன வரும்?

இதுக்கு நடுவுல தம்பி வந்தான். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணி ஊத்திக் குடிக்க வேண்டியதை அப்படியே ஊத்தி, மூணு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு டங்கு டங்குன்னு அஞ்சு நிமிஷம் கலக்கறான். ஜில்லுனு இருக்கறதுல சர்க்கரை எங்கேடா சட்டுனு கரையும்? அதுக்குத்தானே சர்க்கரையும் தண்ணியும் சமமாப் போட்டு, சூடு பண்ணிக் கரைச்சு, ஆறவெச்சு ஒரு சீசா நிறைய எடுத்து வெச்சிருக்கேன்! "அது தேன்னு நினைச்சேன்க்கா"ங்கறான்.

நாளைக்கு இந்த வீட்டுல இட்லி வேற காபி கலர்ல வரப்போகுது, துணி அப்படி ஆயிடுச்சு. சிரிப்பு வந்துடுச்சு எனக்கே.

மிச்சத்தையாவது தெளியவெச்சு, மேலாக இறுத்துக் குடிக்கலாம்னு ஜில் தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வரிசையா நாலு பாட்டில். நாலும் காலி. குடிச்சுட்டுக் காலி பாட்டிலை உள்ள வைக்கற மகராசன் யாருங்க?