பால் சங்கப் பேரவையில் தலைவர் வாசிக்கும் அறிக்கை

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பால் சங்கத்தில் பேரவை கூட்டினால் தலைவர் அறிக்கையில் வழக்கமாக வரும் வரி: “இவ்வாண்டு கொள்முதல் சிறப்பாக உயர்ந்துள்ளது.” இந்த வரி பொய்யில்லை. ஆனால் இதைக் கேட்டு உறுப்பினர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். போன வருஷம் நாளுக்கு 600 லிட்டர், இந்த வருஷம் 640. பால் ஊற்றியவர்கள் 96 பேர், இப்போது 88. ஆளுக்கு ஆறேகால் லிட்டராக இருந்தது ஏழேகால் ஆகிவிட்டது. அப்படியென்றால் இருப்பவர்கள் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள், 8 பேர் குறைந்திருக்கிறார்கள். சாதனையை எழுதும் அதே பத்தியிலேயே இதையும் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால் அது ஒளித்ததுதான்.

ஏன் குறைந்தார்கள்? “சில காரணங்களால் பட்டுவாடா தாமதமானது” என்பது பதிலில்லை. பத்து நாளுக்கு ஒரு பட்டுவாடா என்றால் வருஷத்துக்கு 36. அதில் எத்தனை தள்ளிப்போனது, அதிகபட்சம் எத்தனை நாள் என்று சொல்லுங்கள். சங்கத்திடம் பால் வாங்கும் பால் ஒன்றியத்திலிருந்து பணம் வரப் பிந்தியதா, வந்த பணத்துக்குச் சங்கத்தில் பில் போடப் பிந்தியதா என்று பிரித்தும் சொல்லுங்கள். இரண்டாவது நம் கையில் இருக்கும் குறை.

அறிக்கையில் பெரும்பாலும் இடமே பெறாத குறை ஒன்று உண்டு: கொழுப்பு வித்தியாசம். உறுப்பினர்களுக்குச் சங்கம் சராசரி 4.1 சதவீதம் போட்டுப் பணம் கொடுக்கிறது, அதே பாலுக்கு ஒன்றியத்தில் 3.9 வருகிறது என்று வையுங்கள். 640 லிட்டரில் அது நாளுக்கு சுமார் 1.3 கிலோ கொழுப்பு. அந்தக் காசு சங்கத்தின் லாபத்திலிருந்துதான் போகிறது, கடைசியில் போனஸில் குறைகிறது. தினமும் ஏறக்குறைய அதே 0.2 வித்தியாசம் என்றால் கருவியின் அளவுத் திருத்தத்தைச் சந்தேகிக்கலாம். ஒருநாள் 0.4, மறுநாள் ஒன்றுமில்லை என்று ஆடினால் சாம்பிள் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். அடிவரை கலக்காமல் மேலாக மொண்டால் அளவு கூடித்தான் காட்டும்.

திட்டம் இதிலிருந்தே பிறக்க வேண்டும். “தரப் பரிசோதனை மேம்படுத்தப்படும்” என்பதை எடுத்துவிட்டு இப்படி எழுதலாம்: “வாராவாரம் திங்கள் காலை, நன்கு கலக்கிய ஒரே சாம்பிளை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை ஐஸில் வைத்து அன்றே ஒன்றியத்திலும் பார்ப்போம். பொறுப்பு செயலாளர். இரண்டு அளவும் கொள்முதல் அறைப் பலகையில் எழுதப்படும். மார்ச் 31க்குள் வித்தியாசம் 0.1க்குக் கீழே வராவிட்டால், புதுக் கருவிக்கான விலைப்புள்ளியும் எந்த நிதியிலிருந்து வாங்குவது என்ற தீர்மானமும் அடுத்த பேரவையில் வைக்கப்படும்.”

அடுத்த வருஷ அறிக்கையின் முதல் பத்தியில், மற்ற எதற்கும் முன்னால், அந்தப் பலகையின் 52 திங்கள் கணக்கு வர வேண்டும்.