பகுதி நேரப் பட்டத்தைப் பற்றி மனிதவளத் துறையினருக்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக வேலை செய்யும் என் மைத்துனர், தொலைநிலைக் கல்வியில் நிர்வாகவியல் இளங்கலை முடித்து, அதே நிறுவனத்தில் மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். நேர்முகத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "இது பகுதி நேரமாகப் படித்ததுதானே?" என்பது. அந்தக் கேள்வியில் இருந்த தாழ்வான தொனிதான் என்னை இதை எழுத வைக்கிறது.

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கிறது. வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வுக்கான தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். முழுநேர மாணவருக்கும் தொலைநிலை மாணவருக்கும் இந்த அளவு ஒன்றே. என் மைத்துனரின் டிப்ளோமாவுக்காக 30 கிரெடிட்டை மாற்றிக்கொடுத்ததால் மீதம் 90 கிரெடிட், அதாவது 3,600 மணி நேரம் இருந்தது. பருவத்துக்கு இரண்டு பாடம், ஆண்டுக்கு மூன்று பருவம் என்று ஐந்து ஆண்டுகள் படித்தார். கணக்கிட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அவர் மேசையில் உட்கார்ந்த காலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முதலாளிகளின் சந்தேகம் முழுவதும் தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் மலேசியத் தகுதி முகமையான MQA-வின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்பதே அது. பதிவேட்டை இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். குறியீட்டில் MQA/FA என்று இருந்தால் முழு அங்கீகாரம். MQA/PA என்றால் தற்காலிக அங்கீகாரம் மட்டுமே. பல்கலைக்கழகத்தின் பெயர் பதிவேட்டில் இருப்பது போதாது, குறிப்பிட்ட அந்தப் படிப்பே இருக்க வேண்டும். சேரும் முன் இதைப் பார்க்காமல் கட்டணம் செலுத்திவிட்டு, பிறகு அலைபவர்கள் உண்டு.

இன்னொரு எல்லையும் உண்டு. பொறியாளர் வாரியம் போன்ற தொழில்முறை அமைப்புகளுக்குத் தனி அங்கீகார விதிகள் இருக்கின்றன. நிர்வாகவியல் பட்டம் பெற்ற டெக்னீஷியன் அதனாலேயே பொறியாளர் ஆகிவிடமாட்டார். அதை நிறுவனம் சுட்டிக்காட்டினால் அது நியாயமே. மேற்பார்வையாளர் பதவிக்கு அந்தத் தடை கிடையாது.

என் மைத்துனர் இறுதியாண்டில் செய்த ஆய்வு, தம் உற்பத்தி வரிசையில் கழிக்கப்படும் பொருள்கள் எந்த ஷிஃப்டில், எந்தக் காரணத்தால் கூடுகின்றன என்பதைப் பற்றியது. முழுநேர மாணவருக்கு இப்படியொரு தரவு எளிதில் கிடைக்காது. அந்த ஆய்வைப் பற்றி நேர்முகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பதவி வெளியாள் ஒருவருக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து வேறொரு தொழிற்சாலையில் நேர்முகத்தின் பெரும்பகுதி அந்த ஆய்வைப் பற்றியே நடந்தது, வேலையும் கிடைத்தது.

பினாங்கில் மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர்களே, உங்கள் வேலை விளம்பரத்தில் "முழுநேரப் பட்டம்" என்ற வரி இருந்தால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் படிப்பின் பதிவேட்டுக் குறியீட்டைக் கேளுங்கள்.