எய்ம் அசிஸ்ட்: உதவி எங்கே வருகிறது?

"கன்ட்ரோலர்ல எய்ம் அசிஸ்ட் இருந்தா போதும், அதுவே தலையில லாக் ஆகி சுட்டுடும். கிட்டத்தட்ட எய்ம்பாட்ங்கிற ஏமாத்து மென்பொருள்தான்."

சுடும் கேம்களில் கன்ட்ரோலருக்குக் கிடைக்கும் குறிவைப்பு உதவியைப் பற்றி மவுஸில் ஆடுபவர்கள் சொல்லும் புகார் இது. அது அப்படி இல்லை. பயிற்சி மைதானத்தில் இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டு, பொம்மையைக் குறுக்கே நடக்க விட்டுப் பாருங்கள். பெரும்பாலான கேம்களில் குறி அசையாது.

உண்மையில் இரண்டு வேலை நடக்கிறது. குறி எதிரியை நெருங்கியதும் ஸ்டிக்கால் குறி திரும்பும் வேகம் குறைகிறது. கட்டைவிரலால் நுணுக்கமாகத் திருப்புவது கடினம் என்பதால் இது நியாயமான ஈடு. அப்புறம், நீங்கள் ஸ்டிக்கை அசைத்துக்கொண்டிருக்கும்போது எதிரி நகர்ந்தால், அந்த நகர்வில் ஒரு பங்குக்குக் கேமராவும் தானாகத் திரும்புகிறது.

மவுஸ்காரர்களின் புகாரில் உண்மை இருப்பது இங்கேதான். எதிரி சட்டென்று இடமிருந்து வலம் மாறினால், மனிதக் கண்ணும் கையும் அதற்கு ஈடுகொடுக்கச் சுமார் 0.2 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 600 குண்டு சுடும் துப்பாக்கியில் அது 2 குண்டு. கேமராத் திருப்பத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. அதனால் நெருங்கிய சண்டையில் கன்ட்ரோலருக்கு நிஜமான சாதகம் உண்டு. ஆனால் எதிரியைத் தேடுவதும், முதலில் குறியை அவர்மேல் கொண்டுவருவதும், மிச்சப் பங்கைத் திருப்புவதும் ஆடுபவரின் கைதான். தூரம் கூடினால் இந்த உதவி பெரும்பாலும் தேய்ந்துவிடும். அங்கே மவுஸே மேல்.