கோப்பின் முதல் வரிக்குச் சலுகையா?
நீளம் தெரியாத ஒரு கோப்பை ஒரே தடவை வரிவரியாகப் படித்து, எல்லா வரிக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி இப்படி ஒரு சந்தேகம் எழும்: “முதல் வரி கட்டாயம் எடுக்கப்படுவதால் அதற்கே வாய்ப்பு அதிகம்.” எடுத்தால் போதுமா, கடைசிவரை கையில் தங்க வேண்டாமா? n-வது வரி வந்ததும் 1/n வாய்ப்பில் பழையதைத் தூக்கிப்போட்டு இதை வைத்துக்கொள்கிறோம். நான்கே வரியோடு கோப்பு முடிந்தது என்று வையுங்கள். முதல் வரி அடுத்த மூன்றிடமும் தப்பிக்க வேண்டும்: 1/2 × 2/3 × 3/4 = 1/4. மூன்றாவது வரி நுழைய 1/3, நான்காவதிடம் தப்பிக்க 3/4. பெருக்கினால் அதே 1/4. நான்காவதுக்கு நேரடியாகவே 1/4. எங்கே நிறுத்தினாலும் கணக்கு இப்படித்தான் விழும், மொத்த நீளம் முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை. நான் ஒருமுறை லாக் கோப்பில் 1/n-க்குப் பதில் ஒவ்வொரு வரிக்கும் நாணயம் சுண்டுவதுபோல் 1/2 போட்டுத் தொலைத்தேன். நாலு வரிக் கோப்பில் 1000 முறை ஓட்டிப் பார்த்தால் சுமார் 500 தடவை கடைசி வரியே வந்து நின்றது!