r = 3 இல் கிளை பிரியுது எண்டு சொல்லாதேங்கோ

லொஜிஸ்டிக் சமன்பாட்டின் அந்தக் கிளைப்படம் கிழமைக்கு ஒருமுறையாவது யாராவது பகிர்ந்து கண்ணில் படுகிறது. படம் அழகுதான். ஆனால் கீழே எல்லாரும் ஒரே வரியைத்தான் எழுதுகிறார்கள்: "r = 3 இல் ஒரு பெறுமானம் இரண்டாகப் பிரிகிறது." அது பிழை. 3 இல் இரண்டு கிடையாது, ஒன்றுதான். இரண்டு போலத் தெரிவது ஏன் என்பதுதான் இந்த விஷயத்திலேயே படிக்கத் தகுந்த பகுதி. அதை விட்டுவிட்டு நேரே கேயாஸுக்குப் பாய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சமன்பாடு இதுதான்: x(n+1) = r·x(n)·(1 − x(n)). x என்பது 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண். ஒரு பூச்சியினத்தின் தொகை, அந்த இடம் தாங்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கோ. r பெருக்க வேகம். ஒவ்வொரு r க்கும் x கடைசியில் எந்தப் பெறுமானங்களில் போய் நிற்கிறது என்பதைத்தான் அந்தக் கிளைப்படம் காட்டுகிறது. றொபேர்ட் மே 1976 இல் நேச்சர் சஞ்சிகையில் இதை எடுத்துப் பேசியதும் சூழலியலை மனதில் வைத்துத்தான்.

கல்குலேட்டரில் 0.2 ஐ அடித்து = அழுத்துங்கோ. பிறகு 2×Ans×(1−Ans) என்று எழுதி = ஐத் தட்டிக்கொண்டே போங்கோ. 0.32, 0.4352, 0.4916, 0.49986, அடுத்தது 0.49999996. ஐந்தே தட்டில் 0.5 இல் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது 2 இன் இடத்தில் 2.9 போடுங்கோ. பெறுமானம் 0.655 ஐச் சுற்றி மேலும் கீழுமாக ஆடி, ஆடி, ஆறுதலாகத்தான் அடங்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? நிலைத்த புள்ளி x = 1 − 1/r. சார்பை வகையிட்டு அந்தப் புள்ளியைப் பிரதியிட்டால் படித்திறன் 2 − r என்று வரும். உயர்தரக் கணிதம் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு வரி வேலை. புள்ளியிலிருந்து விலகல் எவ்வளவோ, ஒவ்வொரு படியிலும் அது ஏறத்தாழ இந்த எண்ணால் பெருக்கப்படுகிறது. r = 2 என்றால் பெருக்கி 0, அதனால்தான் அந்த வேகம். r = 2.9 என்றால் −0.9. சய அடையாளம்தான் மேல்கீழ் ஆட்டம், 0.9 தான் அடங்கும் வேகம். விலகல் பத்திலொன்றாகக் குறைய 22 படி வேண்டும். 2.99 இல் அதே வேலைக்கு ஏறத்தாழ 229 படி.

இனி 3. பெருக்கி −1. அப்படியென்றால் ஆட்டம் அடங்கவே அடங்காது, இரண்டு பெறுமானங்களுக்கிடையில் நிரந்தரமாகத் துள்ளும் என்றுதான் முதலில் தோன்றும். இதை ஓட்டிப் பாருங்கோ:

```
r = 3.0
x = 0.5
for n in range(1000):
    x = r*x*(1-x)
print(x, r*x*(1-x))
```

0.659, 0.674 என்று இரண்டு எண் வரும். "பார், இரண்டுச் சுழற்சி!" என்று சொல்வது இந்த இடத்தில்தான். அவசரப்படாதேங்கோ. 1000 ஐ 4000 ஆக்கி ஓட்டினால் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி 0.015 இலிருந்து ஏறத்தாழ அரைவாசியாகும். உண்மையான சுழற்சி என்றால் அது குறையக் கூடாது.

காரணத்தை எழுதிப் பார்க்கலாம். 2/3 இலிருந்து விலகல் e என்றால் அடுத்த விலகல் −e − 3e². இன்னொரு முறை பிரதியிட்டால் e² உறுப்புகள் தங்களுக்குள் வெட்டுப்பட்டு, e − 18e³ தான் முக்கியமாக மிஞ்சும். அந்த −18e³ தான் பிடித்து இழுக்கிறது. ஆனால் e சிறிதாகச் சிறிதாக அதன் கனம் இன்னும் சிறிது, இழுவை செத்துப்போகிறது. கணக்கைத் தொடர்ந்தால் n படிக்குப் பிறகு விலகல் ஏறத்தாழ 1/√(18n). ஒரு தசமதானம் கூடுதலாக வேண்டும் என்றால் நூறு மடங்கு படி ஓட வேண்டும். இடைவெளி 0.001 ஆகக் குறையவே இரண்டு இலட்சம் படிக்கு மேல். ஒரு r க்கு 200 படி ஓட்டிவிட்டுப் புள்ளி போடுகிற புரோகிராமுக்கு 3 இல் இரண்டாகத் தெரியாமல் என்ன செய்யும்? அந்தப் படங்களில் 3 க்குச் சற்று முன்னாலேயே கோடு தடித்துக் காணப்படுவதும் இதனால்தான்.

3.01 போட்டுப் பாருங்கோ. இப்போது உண்மையிலேயே இரண்டு: 0.6328, 0.6994. ஆயிரம் படி ஓட்டினாலும் பத்தாயிரம் ஓட்டினாலும் இடைவெளி 0.0665 இல் அசையாமல் நிற்கும். r இல் வெறும் 0.01 தாண்டியதற்கு இவ்வளவு பெரிய இடைவெளியா என்றால், சூத்திரத்தில் வர்க்கமூலம் இருக்கிறது: இடைவெளி √((r−3)(r+1)) / r. கவட்டை அந்த இடத்தில் வட்டமாக விரிவது அதனால்தான்.

இன்னொரு பொறியும் உண்டு. r = 3.2 இல் 0.6875 இலிருந்து தொடங்கினால் கல்குலேட்டர் 0.6875 ஐயே திரும்பத் திரும்பக் காட்டும். பழைய நிலைத்த புள்ளி எங்கேயும் போய்விடவில்லை, உறுதியைத்தான் இழந்திருக்கிறது. 0.6876 இல் தொடங்குங்கோ. விலகல் ஒவ்வொரு படியும் 1.2 மடங்காகி, கடைசியில் 0.5130, 0.7995 என்ற சோடியில் போய் நிற்கும்.

அடுத்த பிரிவுக்கும் இதே நியாயம்தான். இரண்டுச் சுழற்சியின் பெருக்கி 4 + 2r − r². அது −1 ஆகும் இடம் r = 1 + √6, அதாவது 3.4495. அங்கே நான்கு பிறக்கத் தொடங்கும். பிறகு 3.5441 இல் எட்டு, 3.5644 இல் பதினாறு. 3.5699 க்குள் இரட்டிப்பு முழுவதும் முடிந்துவிடும். இந்த இடைவெளிகள் சுருங்கும் விகிதம் 4.669 ஐ நெருங்கும். அதுதான் ஃபைகன்பாம் மாறிலி. ஃபைகன்பாம் என்ற பௌதிகவியலாளர் 1975 இல் எச்பி-65 என்ற கைக்கணிப்பானில் இதைத் தேடியபோது பிரிகிற புள்ளிகளைத் துரத்தவில்லை. அங்கேதான் எண்கள் அடங்காதே! 0.5 என்ற பெறுமானம் சுழற்சிக்குள்ளேயே விழுகிற r களைப் பிடித்தார். அங்கே பெருக்கி 0, நாலைந்து சுற்றில் விடை. அந்த r கள் 2, 3.23607, 3.49856, 3.55464. கழித்து வகுத்துப் பாருங்கோ, 4.71, 4.68 என்று வரும்.

3.5699 க்கு அப்பால் ஒரே குழப்பம் என்பதும் முழு உண்மையல்ல. 3.8284 இல் திடீரென்று மூன்றுச் சுழற்சி தலைகாட்டும். r = 4 க்குப் போனால் கிட்டக் கிட்டத் தொடங்கிய இரண்டு எண்களுக்கிடையிலான வித்தியாசம் சராசரியாக ஒவ்வொரு படியும் இரட்டிக்கிறது. பத்தாவது தசமதானத்தில் இருந்த பிசகு 33 படியில் முழு எண்ணையும் விழுங்கிவிடும். r*x*(1-x) என்பதை r*x - r*x*x என்று மாற்றி எழுதினாலே, அறுபதாவது படிக்குள் கொம்பியூட்டர் வேறு எண்ணைக் காட்டும். இரண்டில் எது சரி என்று கேட்டால் இரண்டும் இல்லை.

கடைசியாக எங்கட ஊர் ஆட்களுக்கு ஒன்று. சின்ன வெங்காயம் ஒரு போகம் விலை ஏறுகிறது, எல்லாரும் நடுகிறார்கள், மறுபோகம் விழுகிறது. இதைக் காட்டி "இரண்டுச் சுழற்சி" என்று எழுதுகிறார்கள். விலைக்கு இந்தச் சமன்பாடு பொருந்துமா என்பது ஒருபுறம் கிடக்கட்டும். கையில் இருப்பது பத்துப் போகத்து விலை. r = 2.9 இல் பத்துப் படிக்குப் பிறகும் ஆட்டத்தின் மூன்றிலொரு பங்கு மிச்சம் இருக்கும். அதோடு ஒவ்வொரு மாரியும் வேறு மாதிரிப் பெய்து புதிதாக ஒரு தள்ளுத் தள்ளிவிடும். 2.9 இன் மேல்கீழும் 3.01 இன் மேல்கீழும் பத்துப் புள்ளியில் ஒரே மாதிரித்தான் தெரியும்.