சட்டிக்குள்ள ஆச்சரியக்குறி

வாடகைக்குக் கார் விடறவங்களுக்கு ஒரு கேள்வி. சாவி குடுக்கும்போது பம்பர்ல இருக்கற கீறலை மட்டும் பதினஞ்சு போட்டோ எடுக்கறீங்களே, டாஷ்போர்டுல எரியற விளக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும்?

ஞாயித்துக்கெழமை தண்டையார்பேட்டையில வண்டிய எடுத்து, மீஞ்சூர்ல விசேஷத்துக்குக் கெளம்பினோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல முன்னாடியும் கன்டெய்னர் லாரி, பின்னாடியும் கன்டெய்னர் லாரி. அப்பப் பாத்து மஞ்சளா ஒரு விளக்கு. சட்டி மாதிரி ஒரு படம், உள்ள ஆச்சரியக்குறி. "இன்ஜின் கொதிக்குது மாப்ள, ஓரங்கட்டுங்க"ன்னாரு மாமா. பானெட்டைத் தொறந்து வெச்சிட்டு வெயில்ல அரைமணி நேரம் நின்னோம். வண்டிக்காரருக்குப் போன் போட்டா, "அது அப்டித்தான் எரியும் சார், நீங்க ஓட்டுங்க"ங்கறாரு. எப்டி இருக்கும் எனக்கு?

மேனுவல் டேஷ்போர்டு அறையில, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம கெடந்துது. முதல் பக்கத்துலேர்ந்து படிச்சா விசேஷம் முடிஞ்சிடும். படிக்கவும் வேணாம். எச்சரிக்கை விளக்கு எல்லாத்தையும் படமா போட்ட பக்கம் ஒண்ணு இருக்கும், நேரா அங்க போங்க. அதுக்கு முன்னாடி நெறத்தைப் பாருங்க. சிவப்புன்னா பத்திரமா நிறுத்தணும். மஞ்சள்னா சீக்கிரம் கவனிக்கணும். பச்சையும் நீலமும் ஏதோ ஆன்ல இருக்குன்னு சொல்லுது, அவ்ளோதான். இன்ஜின் கொதிச்சா சிவப்புல தெர்மாமீட்டர் படம் வரும். நெறத்தைப் பாத்திருந்தாலே அந்த அரைமணி நேரம் மிச்சம்.

படத்துல சட்டி கெடச்சுது. அது சட்டி இல்ல, குறுக்கால வெட்டின டயராம்! காத்து கம்மி. வண்டி நின்னதும் ஸ்கிரீன்லயும் செட்டிங்ஸ்ல தேடினேன், அங்கயும் விளக்குப் பட்டியல் இருந்துது, அதே பதில். (ஓடும்போது தொட்டா தொறக்காது. எல்லா வண்டியிலயும் இந்தப் பட்டியல் இருக்காது, மேனுவல்தான் கதி.) ஆனா படத்தோட நிறுத்தாம பக்கத்துல இருக்கற வரியையும் படிங்க. விடாம எரிஞ்சா காத்து கம்மி. ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் கிட்ட மினுக்கிட்டு அப்புறம் நின்னு எரிஞ்சா காத்தை அளக்கற சென்சார் சிஸ்டத்துல கோளாறு. எங்களுது மினுக்கவே இல்ல.

டிரைவர் கதவைத் தொறந்தா பக்கத்துத் தூண்ல எவ்ளோ காத்து இருக்கணும்னு ஸ்டிக்கர், 33ன்னு போட்டிருந்துது. பங்க்சர் கடையில வெச்சுப் பாத்தா பின்னாடி இடது டயர் 21. சோப்புத் தண்ணி தடவினதும் ஆணிகிட்ட முட்டை முட்டையா நுரை. "அப்டித்தான் எரியும்"னாரே, அந்த ஆணிதான்!

இன்னொண்ணு. சாவி போட்டு ஆன் பண்ணதும் முக்காவாசி எச்சரிக்கை விளக்கு கொஞ்ச நேரம் எரியும், அது சோதனை. இன்ஜின் ஓடும்போதும் எது அணையலையோ அதான் விஷயம். வண்டிய வாடகைக்கு எடுக்கும்போதே அதை வீடியோ எடுத்து வெச்சிக்கோங்க. நான் எடுக்கல. பங்க்சருக்கு நூத்தம்பது ரூபா என் கைக்காசு, திருப்பிக் கேட்டா, "ஆணி நீங்க ஓட்டும்போது ஏறினது"ங்கறாரு அந்த மனுஷன்.