பேரு இசக்கியம்மாள், ஆனா எல்லாவனும் எழுதுதது 'ஹாய் மாரியப்பன்'

வேலைக்குச் சேந்து முதல் வாரம், ஐடி கார்டு கூட இன்னும் கைக்கு வரல, அதுக்குள்ள எச்ஆர் கிட்ட இருந்து ஒரு டெம்ப்ளேட் வந்துட்டு. சென்னை ஹெட் ஆபீஸ்ல இருந்து இங்கன திருநெல்வேலி பிராஞ்ச் வரைக்கும் கம்பெனில உள்ள அம்புட்டு பேருக்கும் நம்மளைப் பத்தி ஒரு இன்ட்ரோ மெயில் போடணுமாம். சரி, போட்டுத் தொலைப்போம்னு திறந்து பாத்தா மெயில் மாதிரியா இருக்கு, கல்யாண புரோக்கர் குடுக்க ஃபார்ம் மாதிரில்லா இருக்கு. நேட்டிவ், படிச்ச ஸ்கூல், ஃபேமிலி பேக்ரவுண்ட், பொறந்த நாள், மொபைல் நம்பர், ஹாபி, ஃபன் ஃபேக்ட், கடைசில ஒரு போட்டோ. நீ என்ன வேலை பாக்க வந்திருக்கன்னு ஒரு கட்டம் உண்டுமான்னு மேலயும் கீழயும் தேடுதேன், கிடையாது. டெசிக்னேஷன் மட்டும் இருக்கு, 'எக்ஸிகியூட்டிவ் - ஃபைனான்ஸ்'. அதை வச்சு யாருக்கு என்ன விளங்கும்?

என் வேலை என்னன்னா தெக்கத்தி பிராஞ்சுகளோட வெண்டார் பில்லு பூராவும் நான்தான் பாக்கணும். ஏசி சர்வீஸ்காரர் பில்லு, வாட்டர் கேன் பில்லு, பிரிண்டருக்கு டோனர் வாங்குன பில்லு, எல்லாம். பில்லுல நம்ம ஜிஎஸ்டி நம்பர் சரியா இருக்கான்னு பாக்கணும், ஆர்டர் குடுக்கும்போது போடுத பிஓ நம்பரோட ஒத்துப் போகுதான்னு பாக்கணும், அப்புறந்தான் பேமென்ட்டுக்கு ஏத்தணும். எனக்கு முன்னாடி இதைப் பாத்தவரு ரிசைன் பண்ணிட்டுப் போயிட்டாரு. அப்போ ஊருக்கே மெயில் போடுதோம்னா அதுல சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இனிமே பில்லை அவருக்கு அனுப்பாதீங்க, எனக்கு அனுப்புங்க.

அதைத்தான் நான் முதல்ல எழுதுனேன். இதோ:

"வணக்கம். நான் இசக்கியம்மாள், திருநெல்வேலி ஆபீஸ், ஃபைனான்ஸ். தென் மாவட்ட பிராஞ்சுகளின் வெண்டார் பில்களை இனி நான் பார்க்கிறேன். பில்லோடு பிஓ நம்பரும் சேர்த்து என் ஐடிக்கு அனுப்புங்கள். 25-ஆம் தேதிக்குள் வந்தால் அந்த மாசமே ஏற்றிவிடலாம். அவசரம் என்றால் டீம்ஸில் கூப்பிடுங்கள்."

இதுல என்ன குறை சொல்லுங்க பாப்போம்? எச்ஆர் மேடம் திருப்பி அனுப்பிட்டாவ. "ரொம்ப ட்ரையா இருக்கு, பெர்சனல் டச் வேணும், டெம்ப்ளேட்டை ஃபாலோ பண்ணுங்க." சரி தாயின்னு பழையபடி கட்டத்தை ரொப்பி அனுப்புனா, என் பில்லு வரியை மட்டும் வெட்டிட்டு ஹாபி, நேட்டிவ், மொபைல் நம்பர் எல்லாத்தையும் அப்படியே வச்சு ஓகே பண்ணுதாவ. என் வேலை என்னன்னு ஒருத்தருக்கும் போய்ச் சேரல, எனக்குப் பாட்டு கேக்கப் பிடிக்கும்ங்கிறது அத்தனை பேருக்கும் போய்ச் சேந்துட்டு!

அடுத்த கூத்து பேரு. எங்க வீட்டுல இனிஷியல் மட்டும்தான், எம். இசக்கியம்மாள். ஆன்போர்டிங் ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டத்தைக் காலியா விட்டா சப்மிட் ஆவ மாட்டேங்கு, அதனால அப்பா பேரைப் போட்டேன், இங்கன எல்லாரும் அதைத்தான் பண்ணுதாங்க. சிஸ்டம் என்ன பண்ணுச்சு, லாஸ்ட் நேமை முன்னாடி தூக்கி வச்சு `Mariappan, Esakkiammal`னு டிஸ்ப்ளே நேம் ஆக்கிட்டு. அவ்வளவுதான், வரிசையா வருது பாருங்க, ஹாய் மாரியப்பன், வெல்கம் மாரியப்பன், ஒருத்தரு "வெல்கம் ப்ரோ". போட்டோ ஒட்டியிருக்கேன்யா, சேலை கட்டி நிக்கேன், ப்ரோவாம்! ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டு மாத்தியாச்சு. ஆனாலும் ஏற்கனவே எனக்கு மெயில் போட்டவங்களுக்கு அவுட்லுக்ல டைப் பண்ணும்போது கீழ காட்டும்லா அந்த லிஸ்ட்டுல பழைய பேருதான் உக்காந்திருக்கு, அவங்கவங்க அதை அழிச்சாத்தான் போவும். அப்ப எங்கப்பா இந்தக் கம்பெனில இன்னும் கொஞ்ச காலம் வேலை பாப்பாரு.

ரிப்ளை ஆல் கதை தனி. டூ கட்டத்துல மொத்த லிஸ்ட்டையும் போட்டு அனுப்பச் சொன்னது எச்ஆர். அப்ப ஒருத்தரு ரிப்ளை ஆல் அமுக்குனா அந்த 'வெல்கம்' எல்லாருக்கும்தானே போவும். நேட்டிவ் திருநெல்வேலின்னு பாத்ததும் அல்வா எங்கேன்னு ஒருத்தரு, அதுக்கு சிரிச்ச மூஞ்சி போட்டு ஒருத்தரு, எனக்கு ரெண்டு கிலோன்னு ஒருத்தரு, "ஏலே மக்கா"ன்னு சினிமா பாத்து படிச்ச நெல்லைத் தமிழ்ல ஒருத்தரு. நடுவுல ஒரு புண்ணியவான் "தயவுசெஞ்சு ரிப்ளை ஆல் பண்ணாதீங்க"ன்னு ரிப்ளை ஆல்லயே போடுதாரு. இதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள், லிஸ்ட்டை பிசிசில போடணும், டூல நம்ம பேரையே போட்டுக்கிடணும். அப்புறம் எவன் ரிப்ளை ஆல் அமுக்குனாலும் நமக்கு மட்டுந்தான் வரும். இதுல ஒரே ஒரு சிக்கல், அந்த லிஸ்ட்டு மெயிலைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளுதாப்ல ரூல் போட்டு வச்சிருக்கவங்களுக்கு பிசிசில வந்தா அந்த ரூல் பிடிக்காம இன்பாக்ஸ்ல வந்து விழும். விழட்டுமே, ஒத்த மெயில்தானே. 1997-ல மைக்ரோசாஃப்ட்லயே இப்படி ஒரு லிஸ்ட்டுல ரிப்ளை ஆல் போட்டுப் போட்டு மெயில் சர்வரே திணறிப்போச்சு, அவங்களே பட்டு அனுபவிச்ச விஷயம், நம்ம எச்ஆருக்கு மட்டும் இன்னும் தெரியல.

இதெல்லாம் கூட எரிச்சலோட போயிரும். எனக்கு வயிறு எரியுதது நேட்டிவ், ஃபேமிலி பேக்ரவுண்ட் ரெண்டும்தான். சென்னைல உக்காந்து டெம்ப்ளேட் போட்டவங்களுக்கு அது சும்மா ஒரு கட்டம். இந்தப் பக்கம் அப்படியா? மெயில் போன மறுநாளே ஒரு பெரிய மனுசன் டீ கிளாஸோட என் சீட்டுப் பக்கம் வந்து நிக்காரு. "முக்கூடலாம்மா?" ஆமா சார். "முக்கூடல்ல எங்கன?" பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்னேன். "பஸ் ஸ்டாண்டு பக்கம்னா எந்தத் தெரு?" கையில டீ ஆறுது, மனுசன் நகர மாட்டேங்காரு. தெருவைச் சொன்னா அதுக்கு மேல கேள்வியே வராது, அவருக்கு வேண்டியது கிடைச்சிரும், அதுக்கப்புறம் எங்கிட்ட எப்படிப் பேசணும்னு அவரு முடிவு பண்ணிக்கிடுவாரு. திருநெல்வேலிப் பக்கத்துல பொறந்த எவருக்கும் இந்தக் கேள்வி எங்க போய் முடியும்னு தெரியும். எங்கம்மா பீடி சுத்தித்தான் என்னைப் படிக்க வச்சா, அதைச் சொல்ல எனக்கு ஒரு வெக்கமும் கிடையாது, நான் பழகுன ஆளுகிட்ட நானே சொல்லுவேன். மூஞ்சி தெரியாத அத்தனை பேருக்கும் வேலைல சேந்த கையோட அதை மெயில்ல எழுதி நீட்டணுமா? மொபைல் நம்பர் போட்டதுக்கு வாட்ஸ்அப்ல குட் மார்னிங் பூவு வேற வர ஆரம்பிச்சிட்டு, யாரு எவருன்னே தெரியல.

இவ்வளவுக்கும் பில்லு எங்க போச்சு தெரியுமா? மதுரை பிராஞ்ச்காரங்க எல்லாத்தையும் பழைய ஆளோட ஐடிக்கே அனுப்பிக்கிட்டு இருந்திருக்காவ. அந்த மெயில்பாக்ஸைத் திறந்து பாக்க ஆளு கிடையாது. ஏசி சர்வீஸ்காரர் நேரடியா ரிசப்ஷனுக்கு போன் போட்டு சத்தம் போட்டப்புறந்தான் விஷயமே வெளிய வந்துது. அவரு எம்எஸ்எம்இல பதிஞ்ச சின்ன வெண்டார், ஒப்பந்தத்துல எத்தனை நாள்னு எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டி அந்த வருசத்துக்குள்ள குடுக்காம விட்டா அந்தச் செலவை அந்த வருசக் கணக்குல கழிக்க முடியாதுன்னு இன்கம்டாக்ஸ்ல சட்டமே இருக்கு. மதுரை அண்ணாச்சிக்கு போன் போட்டு ஏன் எனக்கு அனுப்பலைன்னு கேட்டா, "நீங்கதான் பாக்கியளா? மெயில்ல பாட்டு கேப்பேன்னுதான போட்டிருந்திய"ங்காரு.

நான் வெட்டுப்பட்ட அந்த முதல் மெயிலை அப்படியே எடுத்து, பிராஞ்ச் அட்மின்களுக்கு மட்டும் பிசிசில அனுப்பிட்டேன், எச்ஆர் கிட்ட கேக்கல. சாயங்காலத்துக்குள்ள பில்லு வர ஆரம்பிச்சிட்டு. எச்ஆர்ல இருந்தும் ஒரு மெயில் வந்திருக்கு, ஃபன் ஃபேக்ட் கட்டம் காலியா இருக்காம், உடனே அனுப்பணுமாம்.